உடைந்ததும் உடைத்ததும்

நுழையும்முன்

வாடகை வீட்டில் குடியிருப்பவர் கையால் வீட்டுப் பொருள் ஒன்று எதிர்பாராமல் சேதமடைந்தால், உரிமையாளருக்கு அதைத் தெரிவித்து, வருத்தம் சொல்லி, இழப்பை ஈடுசெய்ய முன்வருவது வழக்கம். இதற்கென எழுதப்படும் மடல் சிறியதுதான். ஆனால் அதன் ஒரு வினைச்சொல் பிழையாக அமைந்தால் பொறுப்பு மறைந்துவிடும். ஒரு தொகை விடுபட்டால் அது பிற்காலப் பூசலுக்கு வித்தாகும். அத்தகைய மடல் எவ்வாறு உருவாகிறது என்பதை ஒரு நிகழ்வின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

நிகழ்வு

மதுரையில் ஒரு வீட்டின் முதல் தளத்தில் ஒரு குடும்பம் நான்கு ஆண்டுகளாக வாடகைக்கு இருக்கிறது. உரிமையாளர் தேனியில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒரு சனிக்கிழமை மாலை இட்லிக்கு மாவு அரைத்து முடித்த பின், கழுவுவதற்காகக் கிரைண்டரின் குழவியைக் குடும்பத்தலைவர் வெளியே தூக்கினார். மாவின் வழுவழுப்பால் அது கைதவறிச் சமையலறைத் தரையில் விழுந்தது. 2 அடிக்கு 2 அடி அளவுள்ள ஒரு டைலின் மூலையருகே சில்லு பெயர்ந்தது. அவ்விடத்திலிருந்து இரு விரிசல்கள் டைலின் விளிம்புவரை ஓடின.

உரிமையாளர் வேறு ஊரில் இருக்கிறார், அண்மையில் வரப்போவதுமில்லை. விரிசலின்மீது ஒரு மிதியடியை விரித்துவிட்டால் வீட்டைக் காலிசெய்யும் நாள்வரை யாருக்கும் தெரியாது. ஆனால் அந்நாளில் முன்பணக் கணக்குப் பார்க்கும்போது அவ்விரிசல் தானாகவே வெளிப்படும். எப்போது உடைந்தது, எதனால் உடைந்தது, சீர்செய்ய என்ன செலவாகும் என்ற மூன்று கேள்விகளுக்கும் அப்போது சான்று இராது. இன்று ஒரு டைலின் விலையில் முடியும் செய்தி, அன்று நான்காண்டு நல்லுறவின் நம்பகத்தன்மையையே கேள்விக்குள்ளாக்கும். எனவே குடும்பத்தலைவர் அன்று மாலையே தொலைபேசியில் செய்தியைச் சொல்லி, விவரங்களை இரண்டு நாளில் எழுதி அனுப்புவதாகத் தெரிவித்தார்.

எழுதுமுன் அறிய வேண்டியவை

மடலில் எழுதப்போகும் செய்தி உண்மையாக இருக்க வேண்டுமெனில், உடைப்பை முதலில் சரியாகப் பார்க்க வேண்டும். தரையில் காணும் விரிசல் எல்லாம் ஒரே காரணத்தால் வருவதில்லை. கனமான பொருள் விழுந்து ஏற்படும் விரிசல், மோதிய இடத்தில் சில்லு பெயர்ந்த அடையாளத்தோடு தொடங்கும். அங்கிருந்து கதிர்போல் பிரியும். பெரும்பாலும் ஒரே டைலுக்குள் அடங்கிவிடும். கட்டடத்தின் அடித்தரை அசைந்து ஏற்படும் விரிசல் அவ்வாறன்று. அதில் சில்லு இராது. அடுத்தடுத்த பல டைல்களைக் கடந்து ஒரே கோடாகச் செல்லும். முன்னது குடியிருப்பவரின் பொறுப்பு. பின்னது கட்டடத்தின் குறை. இந்நிகழ்வில் சில்லும், அதிலிருந்து தொடங்கும் கோடுகளும் காரணத்தை ஐயமின்றிக் காட்டின.

அடுத்து, தட்டிப் பார்க்கும் சோதனை. ஒரு நாணயத்தாலோ சாவியாலோ டைலை மெல்லத் தட்டினால், அடியில் கலவை முழுமையாகப் பரவியிருக்கும் இடத்தில் கெட்டியான ஓசை எழும். கலவை சேராமல் காலியாக இருக்கும் இடத்தில் வெற்றுப் பானையைத் தட்டியதுபோன்ற ஓசை வரும். அடியில் தாங்கல் இல்லாத டைல் சிறு அடிக்கும் எளிதில் உடையும். மறுநாள் வந்த டைல் பதிக்கும் கொத்தனார் அவ்வாறு தட்டிப் பார்த்தபோது, உடைந்த டைலின் ஒரு மூலையிலும் அதையடுத்த டைலிலும் வெற்றோசை கேட்டது.

இங்குதான் மடல் எழுதுவோர் பலர் வழிதவறுகின்றனர். இச்செய்தியைக் கேட்டதும், "டைலே சரியாகப் பதிக்கப்படவில்லை, அதனால்தான் உடைந்தது" என்று எழுதத் தோன்றும். ஆனால் குழவி விழாமல் இருந்திருந்தால் டைல் அன்று உடைந்திருக்காது. அதேவேளையில், அடுத்த டைலும் காலியாக இருப்பது உரிமையாளர் அறிய வேண்டிய உண்மை. இரண்டையும் ஒரே பத்தியில் கலந்தால் வருத்தம் சாக்குப்போக்காக மாறும். வருத்தம் ஓரிடத்திலும் தகவல் வேறோரிடத்திலும் இருந்தால், இரண்டும் தத்தம் வேலையைச் செய்யும்.

தேய்மானமும் சேதமும்

எதற்குப் பொறுப்பேற்க வேண்டும், எதற்கு வேண்டியதில்லை என்பதற்குச் சட்டம் ஓர் எல்லையை வகுத்துள்ளது. 1882 ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 108 ஆம் பிரிவில் குத்தகைதாரரின் கடமைகளைக் கூறுகிறது. வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாதபோது, குடியேறிய காலத்தில் இருந்த நல்ல நிலையிலேயே சொத்தைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. இயல்பான பயன்பாட்டால் நேரும் தேய்மானமும், மனித ஆற்றலால் தடுக்கவியலாத நிகழ்வால் நேரும் மாற்றமும் இதற்கு விலக்கு. குத்தகைதாரரின் செயலாலோ தவறாலோ குறை நேர்ந்து, உரிமையாளர் அதைச் சுட்டி அறிவிப்புக் கொடுத்தால், மூன்று மாதங்களுக்குள் சரிசெய்து தர வேண்டும் என்றும் அப்பிரிவு கூறுகிறது.

நான்கு ஆண்டுகள் நடமாடியதால் டைலின் பளபளப்பு மங்குவது தேய்மானம். அடுப்புப் பக்கத்துச் சுவரில் நிறம் குன்றுவதும் தேய்மானமே. இவற்றுக்கு வருத்தம் தெரிவிக்க வேண்டிய தேவை இல்லை. குழவி விழுந்து உடைந்தது சேதம். வேண்டுமென்று செய்யாத செயல் என்பதால் அது தேய்மானமாகிவிடாது. நோக்கம் இல்லாமை குற்ற உணர்வைக் குறைக்கலாம். செலவு யாரைச் சாரும் என்பதை அது மாற்றுவதில்லை.

வினைச்சொல்லின் பொறுப்பு

தமிழில் 'உடை' என்னும் வினையடி இருவகையாக வரும். 'டைல் உடைந்தது' என்பதில் வினை டைலோடு முடிந்துவிடுகிறது. இது செயப்படுபொருள் குன்றிய வினை. 'டைலை உடைத்தேன்' என்பதில் செய்தவரும் செயப்படுபொருளும் உள்ளனர். இது செயப்படுபொருள் குன்றா வினை. பின்வரும் தொடர்களை ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும்.

அ) சமையலறையில் ஒரு டைல் உடைந்துவிட்டது.
ஆ) சமையலறையில் ஒரு டைலை உடைத்துவிட்டேன்.
இ) என் கையிலிருந்து நழுவிய குழவி விழுந்து, சமையலறையில் ஒரு டைல் உடைந்துவிட்டது.

முதல் தொடர் பொய்யன்று. ஆயினும் படிப்பவருக்கு, "எப்படி உடைந்தது? யார் உடைத்தது?" என்ற கேள்விகளை எழுப்புகிறது. உரிமையாளர் கேள்வி கேட்டு உண்மையை வரவழைக்க வேண்டிய நிலை உண்டானால், பிறகு சொல்லும் வருத்தம் வற்புறுத்திப் பெற்றதாகவே தோன்றும். இரண்டாம் தொடர் பொறுப்பை ஏற்கிறது. ஆனால் வேண்டுமென்றே செய்ததோ என்ற மயக்கத்துக்கு இடம் தருகிறது. மூன்றாம் தொடரில் வினைமுற்று 'உடைந்துவிட்டது' என்றே இருந்தாலும், 'என் கையிலிருந்து' என்ற சொற்கள் செய்தவரைக் காட்டிவிடுகின்றன. செயல் யாருடையது, அது தற்செயலானது என்னும் இரண்டையும் அத்தொடர் ஒருங்கே சொல்கிறது.

நிபந்தனைச் சொல்லும் கவனத்துக்குரியது. "தங்களுக்கு இதனால் வருத்தம் ஏற்பட்டிருந்தால் மன்னிக்கவும்" என்ற தொடரில், 'இருந்தால்' என்னும் சொல் தவற்றை ஐயத்துக்குரியதாக்குகிறது. டைல் உடைந்ததில் ஐயம் எதுவுமில்லை. "இதற்காக வருந்துகிறேன்" என்பதே போதுமானது. "வருந்துகிறேன், ஆனால்" என்று தொடரும் வாக்கியத்திலும் படிப்பவரின் மனத்தில் எஞ்சுவது 'ஆனால்' என்பதன் பின் வருவதுதான்.

மிகையும் குறைபாடே. "எத்தகைய தண்டனையையும் ஏற்கிறேன்", "தாங்கள் கேட்கும் தொகை எதுவாயினும் தருகிறேன்" போன்ற தொடர்கள் பணிவாகத் தோன்றும். உண்மையில் அவை கணக்கிடும் வேலையை உரிமையாளரின் தலையில் ஏற்றுகின்றன. ஓய்வூதியத்தில் வாழும் முதியவர் தேனியிலிருந்து மதுரைக் கடைகளின் விலையை விசாரிக்க வேண்டியிருக்கும். அவர் ஒரு தொகையைச் சொல்லி அது மிகுதியாகத் தோன்றினால், முன்பு எழுதிய வாக்கே எழுதியவரைக் கட்டும்.

தொகையைக் கணக்கிடல்

ஈடுசெய்ய முன்வருவதென்றால் தொகையைப் பிரித்துக் காட்ட வேண்டும். உடைந்த டைலை மாற்றும் வேலை என்னவென்று தெரிந்தால்தான் அத்தொகை விளங்கும். முதலில் டைலைச் சுற்றியுள்ள இணைப்புக் கோடுகளை அறுத்து நீக்குவர். பிறகு நடுவிலிருந்து உடைத்துத் துண்டுகளை எடுப்பர். விளிம்பிலிருந்து நெம்பினால் பக்கத்து டைலும் சில்லுப் பெயரும். அடியிலுள்ள பழைய கலவையைச் செதுக்கிச் சமன்செய்து, பசை பூசிப் புது டைலைப் பதிப்பர். ஒரு நாளாவது அதன்மேல் நடக்காமல் விட்டு, பிறகு கோடுகளை நிரப்புவர். ஒரு டைலுக்கான வேலை என்றாலும் கொத்தனார் வந்துபோகும் கூலி குறைவதில்லை.

டைலைப் பொறுத்தவரை இரு இடர்கள் உண்டு. கடைகளில் பெரும்பாலும் தனி டைலாகத் தராமல் பெட்டியாகவே தருவர். இவ்வளவு டைல்களுக்குப் பெட்டிக்கு நான்கு என்பது பொதுவான எண்ணிக்கை. அடுத்து, ஒரே பெயரும் வடிவமும் உடைய டைல்களிலும் உற்பத்தித் தொகுதி மாறினால் நிறம் சற்றே வேறுபடும். இதற்காகவே பெட்டியின்மீது நிறக்குறியீடும் தொகுதி எண்ணும் அச்சிட்டிருப்பர். ஒன்பதாண்டுக்கு முன் வாங்கிய டைலின் அதே தொகுதி இன்று கடையில் கிடைப்பது அரிது. ஆனால் வீடு கட்டியபோது மீந்த டைல்கள் மொட்டைமாடி அறையிலோ பரணிலோ இருக்கக்கூடும். எனவே கடைக்குப் போகுமுன் உரிமையாளரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுதான்.

இந்நிகழ்வில் கடையிலும் கொத்தனாரிடமும் கேட்டறிந்த தொகைகள் வருமாறு: நான்கு டைல் கொண்ட பெட்டி ரூ.960, பசையும் கோடு நிரப்பும் கலவையும் ரூ.440, கூலி ரூ.1,000. மொத்தம் ரூ.2,400. மீந்த டைல் உரிமையாளரிடம் இருந்தால் பெட்டியின் விலை குறைந்து ரூ.1,440 ஆகும்.

"முன்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதுவது எளிதாகத் தோன்றலாம். அவ்வாறு எழுதினால், சீர்செய்யாத டைல் அப்படியே கிடக்கும். பிற்காலத்தில் விலையும் கூலியும் ஏறியிருக்கும். இன்றைய தொகை அன்று பொருந்தாது. வேலையை இப்போதே முடித்துச் செலவையும் இப்போதே செலுத்தினால், முன்பணம் தொடப்படாமல் இருக்கும். கணக்கும் அன்றே தீரும்.

மடல்

மேற்கண்டவற்றைக் கொண்டு எழுதப்பட்ட மடல் இது.

மதுரை,
12.08.2024.

அன்புள்ள அம்மா,

வணக்கம். சனிக்கிழமை மாலை தொலைபேசியில் தெரிவித்த செய்தியின் விவரங்களை எழுதுகிறேன்.

10.08.2024 அன்று மாலை, என் கையிலிருந்து நழுவிய கிரைண்டர் குழவி விழுந்து, சமையலறையில் கழுவுதொட்டிக்கு முன்னுள்ள டைல் ஒன்று உடைந்துவிட்டது. மூலையில் சில்லு பெயர்ந்து, இரண்டு விரிசல்கள் ஓடியுள்ளன. நான் இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும். இதற்காக வருந்துகிறேன். யாருக்கும் காயமில்லை. கூரிய விளிம்பு காலில் படாமலிருக்க அதன்மேல் நாடா ஒட்டியுள்ளேன். ஒளிப்படங்கள் இரண்டு இணைத்துள்ளேன்.

டைலை மாற்றும் செலவு முழுவதையும் நானே ஏற்கிறேன். வீடு கட்டியபோது மீந்த டைல்கள் தங்களிடம் உள்ளனவா என்று தெரிவிக்க வேண்டுகிறேன். இருந்தால் பசை, கலவை, கூலி ஆகியவற்றுக்கு ரூ.1,440 ஆகும். இல்லையெனில் நிறத்தில் நெருங்கிய டைல் ஒரு பெட்டி வாங்க வேண்டும், மொத்தம் ரூ.2,400 ஆகும். பழைய டைலோடு சிறு நிறவேறுபாடு இருக்கக்கூடும். ஆகவே மாதிரியின் படத்தை அனுப்பித் தங்கள் ஒப்புதல் பெற்ற பிறகே வாங்குவேன். மீதி மூன்று டைல்களும் வீட்டிலேயே தங்களுக்காக வைக்கப்படும். தங்களுக்குத் தெரிந்த கொத்தனாரை அனுப்ப விரும்பினாலும் எனக்கு உடன்பாடே. அவருக்குரிய கூலியை நான் கொடுத்துவிடுவேன்.

மற்றொரு செய்தி. கொத்தனார் தட்டிப் பார்த்தபோது, பக்கத்து டைலின் அடியிலும் கலவை சேராமல் காலியாக இருப்பதாகச் சொன்னார். அது உடையவில்லை. தாங்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதைத் தெரிவிக்கிறேன். மேற்சொன்ன செலவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அதையும் இவ்வேலையோடு சேர்த்துச் சரிசெய்ய வேண்டுமா என்பதைத் தாங்கள் முடிவு செய்யலாம்.

தங்கள் விடை கிடைத்ததும் வேலையைத் தொடங்கி, ஒரு வாரத்தில் முடித்துப் படம் அனுப்புகிறேன்.

தங்கள் அன்புள்ள,
அஅஅஅஅ

இம்மடலில் வருத்தம் ஒரே ஒருமுறைதான் சொல்லப்பட்டிருக்கிறது. மீண்டும் மீண்டும் சொல்லியிருந்தால், உரிமையாளர் ஆறுதல் கூற வேண்டியவராகிவிடுவார். மாறாக, அவர் முடிவெடுக்க வேண்டிய செய்திகள் தெளிவாக வைக்கப்பட்டுள்ளன. மீந்த டைல் உண்டா, நிறம் ஏற்புடையதா, யார் கொத்தனார், பக்கத்து டைலைத் தொடலாமா என்னும் நான்குக்கும் அவர் ஓரிரு சொற்களில் விடை தரலாம். வீடு அவருடையது, ஆதலால் அவருடைய ஒப்புதலின்றிப் புது டைலைப் பதிப்பது, நல்லெண்ணத்தோடு செய்தாலும் பிழையாகும்.

ஈடுசெய்யும் வாக்குக்கு எல்லை உண்டு என்பதும் மடலில் அடங்கியுள்ளது. நிறம் முற்றும் ஒத்துவரவில்லை என்பதற்காகச் சமையலறைத் தரை முழுவதையும் மாற்றித் தருவதாக அது கூறவில்லை. உடைந்தது ஒரு டைல். அதை மாற்றுவதும், அதனால் நேரும் சிறு நிறவேறுபாட்டை முன்கூட்டியே சொல்வதும் நேர்மையான ஈடாகும்.

குளியலறைப் பொருளாயின்

உடைந்தது டைலாக இல்லாமல் குளியலறையின் கைகழுவும் தொட்டியாக இருந்தால், மடலின் அமைப்பு மாறாது; ஆனால் செயலின் வரிசை மாறும். தரை விரிசல் ஒரு வாரம் காத்திருக்கும், நீர்க்கசிவு காத்திராது. முதல் தளத்துக் கசிவு கீழ்வீட்டுக் கூரையில் ஈரமாக இறங்கும். எனவே தொட்டியின் கீழுள்ள சிறு குழாயடைப்பைத் திருகி நீரை நிறுத்திவிட்டு, உடனே தொலைபேசியில் சொல்ல வேண்டும். பீங்கானில் மயிரிழை விரிசல் ஏற்பட்டால், வெள்ளைச் சிமெண்டு பூசி மறைப்பது தீர்வாகாது. பூச்சு நாளடைவில் பெயரும், விரிசல் நீளும், உடையும் பீங்கானின் விளிம்பு கத்திபோல் கையைக் கிழிக்கும். அத்தொட்டியை மாற்றவே வேண்டும்.

தொகையிலும் ஒரு வேறுபாடு உண்டு. பழைய எளிய தொட்டிக்கு ஈடாக அதே தரத்தில் ஒன்றை வாங்கித் தருவதே குடியிருப்பவரின் கடமை. உரிமையாளர் விலைமிகுந்த புதுவகையை விரும்பினால், தரத்தில் ஏற்படும் அவ்வுயர்வு அவருடைய வீட்டுக்குச் சேரும் நன்மை. அதற்கான கூடுதல் விலை அவரைச் சாரும். இதையும் மடலில் மென்மையாக, "இப்போதுள்ள வகைக்கு நிகரான தொட்டியின் விலை முழுவதையும் ஏற்கிறேன்" என்று எழுதிவிடலாம். 'நிகரான' என்னும் ஒரு சொல் பின்னர் எழக்கூடிய வழக்கைத் தடுத்துவிடுகிறது.

வேலை முடிந்த பின் கடை, கூலி ஆகியவற்றின் சீட்டுகளையும், புதிய டைலின் படத்தையும் உரிமையாளருக்கு அனுப்பி, "கணக்கு நிறைவுற்றது" என ஒரு வரி விடை பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டைக் காலிசெய்யும் நாளில் அந்த ஒரு வரி போதும். அதைக் காட்டினால், முன்பணக் கணக்கில் சமையலறை டைல் ஒரு கேள்வியாகவே எழாது.

கற்பவை கற்றபின்

1. "குளியலறையில் கண்ணாடி உடைந்திருக்கிறது" என்னும் தொடரைச் செய்தவரும் தற்செயலும் விளங்குமாறு மாற்றி எழுதுக.

2. மேற்கண்ட மடலுக்கு உரிமையாளர் எழுதும் விடைமடலை எழுதுக. மீந்த டைல் இரண்டு அவரிடம் இருப்பதாகவும், பக்கத்து டைலையும் தம் செலவில் மாற்ற விரும்புவதாகவும் கொள்க.

3. உங்கள் வீட்டுத் தரையில் ஐந்து டைல்களை நாணயத்தால் தட்டி, ஓசையில் காணும் வேறுபாட்டைப் பதிவு செய்க.